படம் போனால் என்ன? முட்டி எங்கே என்று சொல்லுங்கள்!

யோகாசனம் பழகும் வீடுகளில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போகிறார்கள். மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்கிறார்கள். செய்யும்போது பிள்ளைகளை விட்டு செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் படத்தை ஆசிரியருக்கு அனுப்பி, "சரியாக இருக்கிறதா மாஸ்டர்?" என்று கேட்கிறார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் படம் எப்போதும் கையில் நிற்கிற பொருள் அல்ல. செல்போன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. இடம் போதவில்லை என்று வீட்டில் யாரோ படங்களை அழித்துவிடுகிறார்கள். அனுப்பிய படம் அந்தப் பக்கத்தில் திறக்க மறுக்கிறது.

அப்போது என்ன நடக்கிறது? மாணவி வாயால் சொல்கிறார்: "முட்டியை நன்றாக மடக்கினேன் மாஸ்டர். கையையும் நன்றாக நீட்டினேன். உடம்பும் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் முட்டி வலிக்கிறது."

ஆசிரியரும் சொல்கிறார்: "பரவாயில்லை அம்மா, பழகப் பழகச் சரியாகிவிடும்."

இது சரியான பதில் இல்லை. ஆசிரியர் எதையும் பார்க்கவில்லை. மாணவியும் எதையும் சொல்லவில்லை. "நன்றாக" என்றால் எவ்வளவு? "நேராக" என்றால் எதற்கு நேராக? இரண்டு பேருமே இருட்டில் பேசிக்கொள்கிறார்கள். வலிப்பது மட்டும் உண்மையான முட்டி!

படம் இல்லாமலே ஆசனத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். சொல்லத் தெரிந்தால், ஆசிரியர் அதைக் கேட்டே பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சுவர்க் கடிகாரம் ஒன்று, நூல் ஒன்று, சாவி ஒன்று, அளவு நாடா ஒன்று இருந்தால் போதும்.

வீரன் நிற்கும் நிலை

பலருக்கும் தெரிந்த ஓர் ஆசனத்தை எடுத்துக்கொள்வோம். வீரபத்திராசனத்தின் இரண்டாவது வகை. வகுப்புகளில் ஆரம்ப மாதங்களிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கால்களை அகல விரித்து நிற்க வேண்டும். ஒரு பாதம் முழுதாக வெளிப்பக்கம் திரும்பும். மற்றப் பாதம் சிறிது உள்ளே திரும்பும். வெளியே திரும்பிய காலை மடக்க வேண்டும். மற்றக் கால் நீட்டியபடியே நிற்கும். கைகள் இரண்டும் தோள் உயரத்தில் இரு பக்கமும் நீண்டிருக்கும். முகம் மட்டும் மடக்கிய காலின் பக்கம் திரும்பிப் பார்க்கும்.

பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட ஆங்கில யோகப் புத்தகம் உலகம் முழுதும் பெயர் பெற்றது. அதில் சுமார் 600 படங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டாலும் இந்த ஆசனம் மறைந்துபோகாது. பாதங்களின் இடைவெளி 4 அடியிலிருந்து 4½ அடி வரை; மடக்கிய காலின் தொடை தரைக்குச் சமமாக; முட்டிக்குக் கீழே உள்ள கால் தரைக்குச் செங்குத்தாக; இரண்டும் சேருமிடத்தில் செங்கோணம்; முட்டி கணுக்காலைத் தாண்டக் கூடாது. இப்படி அவர் எழுத்திலேயே கட்டி வைத்துவிட்டார். கொத்தனாரிடம் வீட்டு வரைபடம் இல்லாவிட்டாலும் அளவைச் சொன்னால் சுவர் எழுப்பிவிடுவார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கடிகாரம் சொல்லும் கோணம்

கோணம் என்றதும் சிலருக்குப் பள்ளிக்கூடக் கணக்கு நினைவுக்கு வந்து பயம் வந்துவிடும். பயப்பட வேண்டாம். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்.

மணி மூன்று அடிக்கும்போது இரண்டு முட்களுக்கும் நடுவே இருப்பது செங்கோணம். அதாவது 90 டிகிரி. நான்கு மணிக்கு 120 டிகிரி. ஐந்து மணிக்கு 150. ஆறு மணிக்கு இரண்டு முட்களும் ஒரே கோடாகிவிடும். அது 180. நீட்டிய கால் ஆறு மணி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் முட்டி மூன்று மணி.

தொடையை ஒரு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். முட்டியிலிருந்து கணுக்கால் வரை உள்ள பகுதி இன்னொரு முள். முட்டிதான் முட்கள் சேரும் இடம். இப்போது "மூன்று மணி முட்டி", "நான்கு மணி முட்டி" என்று யாரும் சொல்லிவிடலாம். மூன்றா, நான்கா என்று கண்ணால் பார்த்தே ஊகிக்க முடியும். அதற்குமேல் நுணுக்கமாகப் போக வேண்டாம். "என் முட்டி 97 டிகிரி" என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னால் அதை நம்பக் கூடாது. அவ்வளவு கூர்மை யார் கண்ணுக்கும் இல்லை.

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவமனையில் மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிக்காரர்கள் வேறு மாதிரி எண்ணுவார்கள். அவர்களுக்கு நீட்டிய கால்தான் பூஜ்யம். அங்கிருந்து எவ்வளவு மடங்கியது என்று எண்ணிக்கொண்டு போவார்கள். நாம் 120 என்று சொல்லும் அதே முட்டியை அவர்கள் 60 என்பார்கள். இரண்டும் சரிதான். முட்டியும் ஒன்றுதான். ஆனால் ஆசிரியர் ஒரு கணக்கிலும் மாணவி இன்னொரு கணக்கிலும் பேசினால் விபரீதம்! 120 என்று கேட்டவர், கால் முக்கால்வாசி மடங்கிக் கிடப்பதாக நினைத்துக்கொள்வார். ஆகையால் வெறும் எண்ணைச் சொல்லக் கூடாது. "தொடைக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே உள்ள கோணம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடிகார மணியில் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

செங்கோணம் வந்தும் பிழை

இப்போது ஒரு வீட்டுக்குள் போவோம். ஐந்தடி உயரமுள்ள ஓர் அம்மாள். வயது 45 என்று வைத்துக்கொள்வோம். வீரபத்திராசனம் செய்யும்போது மடக்கிய காலின் முட்டியில், உட்புறமாக வலிக்கிறது. எடுத்த படம் அழிந்துவிட்டது. எட்டாவது படிக்கும் மகன் பக்கத்தில் இருக்கிறான். ஆசிரியர் வேறு ஊரில் இருக்கிறார். அவரோடு டெலிபோனில் பேசுகிறார்கள்.

"முட்டிக் கோணம் என்ன தம்பி?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"மூன்று மணி சார்" என்கிறான் பையன்.

மூன்று மணி என்றால் செங்கோணம். புத்தகத்தில் சொன்னதும் செங்கோணம். அப்படியானால் ஆசனம் சரி என்று வைத்துவிடலாமா? கூடாது!

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி வையுங்கள். அதன் மூலை செங்கோணம். இப்போது புத்தகத்தைச் சற்று முன்பக்கம் சாயுங்கள். மூலை மாறிவிட்டதா? இல்லை. அது இன்னும் செங்கோணம்தான். ஆனால் புத்தகம் சாய்ந்துவிட்டது. முட்டியும் அப்படித்தான். கீழ்க்கால் முன்பக்கம் சாய்ந்து, தொடை அதற்கு ஏற்றாற்போல் பின்பக்கம் தூக்கி நின்றாலும் கோணம் செங்கோணமாகவே இருக்கும். கோணம் ஒன்றை மட்டும் கேட்டால் இந்தப் பிழை பிடிபடாது.

இதற்காகத்தான் கோடு வேண்டும். கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு வைத்திருப்பார். வீட்டில் ஒரு நூலில் சாவியைக் கட்டினால் அதுவே தூக்குக்குண்டு. ஆசிரியர் சொன்னபடி பையன் அதைச் செய்கிறான். அம்மா ஆசனத்தில் நிற்கிறார். முட்டியின் வெளிப்பக்கத்தில், மூட்டின் நடுவில் நூலைப் பிடிக்கிறான். சாவி கீழே தொங்குகிறது.

"சாவி எங்கே நிற்கிறது?"

"பாதத்தில் விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் சார். கணுக்காலிலிருந்து ஐந்து அங்குலம் முன்னால்."

ஆசிரியருக்கு இப்போது பாதி விஷயம் தெரிந்துவிட்டது. சாவி கணுக்கால் அருகே நின்றிருக்க வேண்டும். முட்டி ஐந்து அங்குலம் முன்னே போய்விட்டது. ஐந்தடி உயரமுள்ளவருக்கு முட்டியிலிருந்து கணுக்கால் வரை சுமார் 15 அங்குலம் இருக்கும். அதில் ஐந்து அங்குலம் முன்னே போனால், கீழ்க்கால் ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பொருள். முட்டி செங்கோணம் என்பதால் தொடையும் அதே 20 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அதாவது தொடை தரைக்குச் சமமாக இல்லை. இடுப்பு மூட்டு முட்டியைவிடச் சுமார் ஐந்து அங்குலம் மேலே நிற்கிறது.

இதை எல்லாம் ஆசிரியர் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கோணத்தையும் ஒரு சாவியையும் வைத்தே சொல்லிவிட்டார்!

"பாதங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? நாடாவால் அளந்து சொல்."

"40 அங்குலம் சார்."

40 அங்குலம் என்றால் 3 அடி 4 அங்குலம். காரணம் அகப்பட்டுவிட்டது. அந்த அம்மாளின் முட்டியில் கோளாறு இல்லை. கால்களைப் போதுமான அளவு விரிக்கவில்லை. விரிக்காமலே செங்கோணம் வரட்டும் என்று இறங்கிவிட்டார். கீழே இறங்க இடம் இல்லாததால் முட்டி முன்னே ஓடியது.

முன்னே ஓடியது மட்டும்தானா?

வலி உட்புறம் என்று அந்த அம்மாள் சொன்னதை மறந்துவிடக் கூடாது. முட்டி முன்னே போவது ஒரு பிழை. உள்பக்கம் சாய்வது இன்னொரு பிழை. இந்த இரண்டாவது பிழைதான் பெரும்பாலும் படத்திலும் ஏமாற்றிவிடுகிறது.

ஏன் என்றால், வீரபத்திராசனத்தை எல்லாரும் நெஞ்சுக்கு எதிரே நின்றுதான் படம் எடுக்கிறார்கள். அங்கிருந்துதான் கைகளும் கால்களும் அழகாக விரிந்து தெரியும். அங்கிருந்து பார்த்தால் முட்டிக் கோணம் தெரியும். கீழ்க்காலின் சாய்வும் தெரியும். ஆனால் முட்டி உள்ளே சாய்ந்திருப்பது தெரியவே தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் மடக்கிய காலின் விரல் நுனிக்கு எதிரே போய் நிற்க வேண்டும்.

எனவே எதைச் சொல்லுமுன்பும், எங்கே நின்று பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். "நெஞ்சுக்கு எதிரே நின்று பார்த்தேன்" என்பது ஒன்று. "மடக்கிய கால் விரலுக்கு எதிரே நின்று பார்த்தேன்" என்பது வேறு. இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் பின்னால் வரும் பத்து வாக்கியமும் வீண்.

வலது கால், இடது கால் என்று பேசுவதையும் விட்டுவிடுவது நல்லது. எதிரே நிற்பவருக்கு அம்மாவின் வலது கால் இடப்பக்கமாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சில செல்போன்கள் படத்தையே இடம் வலமாகத் திருப்பிவிடுகின்றன. "மடக்கிய கால்", "நீட்டிய கால்" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

பையன் இடம் மாறி நிற்கிறான். முட்டிச் சில்லு எந்த விரலுக்கு நேராக இருக்கிறது என்று ஆசிரியர் கேட்கிறார்.

"எந்த விரலுக்கும் நேராக இல்லை சார். கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது."

அது நடுவிரலுக்கோ, கட்டைவிரலை அடுத்த விரலுக்கோ நேராக நின்றிருக்க வேண்டும். முட்டி என்பது கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். பக்கவாட்டில் திரும்ப அதற்கு அதிக இடம் கிடையாது. பாதம் ஒரு திசையைப் பார்க்க, தொடை வேறு திசையில் சாய்ந்தால், அந்த முறுக்கு முட்டியில்தான் விழும். வலிக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் துணைக்கு யாரும் இல்லாதவர்கள் இதைத் தாங்களே பார்க்க ஒரு வழி உண்டு. ஆசனத்தில் நின்றபடி குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி மடக்கிய முட்டியைப் பாருங்கள். முட்டிக்கு உட்புறமாகக் கட்டைவிரல் தெரிய வேண்டும். கட்டைவிரல் முட்டிக்குப் பின்னே மறைந்துவிட்டால் முட்டி உள்ளே சாய்ந்திருக்கிறது. விரல்கள் எல்லாமே மறைந்துவிட்டால் முட்டி முன்னேயும் போயிருக்கிறது. சேலையோ தொளதொளப்பான பைஜாமாவோ உடுத்தியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். முட்டி தெரியும்படி துணியை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் சொன்ன திருத்தம்

இவ்வளவும் கேட்ட பிறகு ஆசிரியர் "பழகப் பழகச் சரியாகும்" என்று சொல்ல மாட்டார். அவர் இப்படிச் சொல்வார்:

"அம்மா, பாதங்களை இப்போதைக்கு நகர்த்த வேண்டாம். 40 அங்குலம் அப்படியே இருக்கட்டும். இடுப்பை மூன்று, நான்கு அங்குலம் மேலே தூக்குங்கள். முட்டி பின்னே வரும். சாவி கணுக்காலுக்கு நேரே வந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்போது முட்டி மூன்று மணி இருக்காது, நான்கு மணி ஆகிவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறகு முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். உங்கள் கட்டைவிரல் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்."

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தத் திருத்தத்தால் கோணம் 90-லிருந்து 120-க்குப் போகிறது. புத்தகத்தில் உள்ள எண்ணிலிருந்து விலகுகிறது. ஆனால் ஆசனம் முன்பைவிடச் சரியாகிறது! கீழ்க்கால் செங்குத்தாக நின்றுவிட்டது. தொடையும் பாதமும் ஒரே திசையைப் பார்க்கின்றன. முட்டிக்கு வரும் முறுக்கு நின்றுவிட்டது. எண்ணைத் துரத்திக்கொண்டு போகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று மணியை எட்டிவிட்டோம் என்ற பெருமை முட்டியைக் காப்பாற்றாது.

நாள் போகப் போக வலி இல்லாமல் நிற்க முடிந்தால், பாதங்களை இன்னும் ஒரு சாண் விரிக்கலாம். சாண் என்பது 9 அங்குலம். 40-உம் 9-உம் சேர்த்தால் 49. ஏறக்குறைய 4 அடி. அந்த அகலத்தில் ஐந்தடி உயரக்காரர் இறங்கினால், செங்கோணமும் வரும், சாவியும் கணுக்காலிலேயே நிற்கும். புத்தகத்தில் சொன்ன 4 அடிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரியும். உயரமானவருக்கு இதைவிட அகலம் வேண்டும். குள்ளமானவருக்குக் குறைவாகப் போதும். நான்கு அடி என்று தரையில் கோடு போட்டு வீட்டில் உள்ள எல்லாரையும் அதில் நிறுத்துவது தவறு.

இப்படித் திருத்திய பிறகும் முட்டி வலித்தால்? அத்தோடு அந்த ஆசனத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். முட்டி வீங்கியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பதைச் சாவியும் நூலும் சொல்லாது.

உடம்பும் கையும்

முட்டிக்கு இவ்வளவு இடம் கொடுத்தாகிவிட்டது. மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம்.

உடம்பு நிமிர்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். பலர் மடக்கிய காலின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கதவு நிலையின் பக்கத்தில் நின்றால் இது சுலபமாகத் தெரியும். நெஞ்சுக்கு எதிரே நின்று பார்ப்பவர், உச்சந்தலையும் இடுப்பின் நடுவும் நிலைக்கால் மாதிரி ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால், தலை இடுப்பைவிட எத்தனை விரற்கடை எந்தக் காலின் பக்கம் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கைகள் தரைக்குச் சமமாக ஒரே கோடு. பெரும்பாலும் பின்கைதான் தொங்கிவிடும். அது கண்ணுக்குப் பின்னே இருப்பதால் செய்பவருக்குத் தெரியாது. பார்ப்பவர் "பின்கை தோளைவிட ஒரு சாண் கீழே" என்று சொன்னால் போதும். தோள்கள் காதுப் பக்கம் ஏறியிருக்கின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும்.

நீட்டிய கால் ஆறு மணி. அந்தப் பாதத்தின் வெளி ஓரம் தரையில் அழுந்தியிருக்கிறதா, தூக்கியிருக்கிறதா? ஒரு தபால் அட்டையை அங்கே நுழைத்துப் பார்க்கலாம். அட்டை நுழைந்தால் ஓரம் தூக்கியிருக்கிறது.

படமும் பொய் சொல்லும்

"இவ்வளவு தொல்லை எதற்கு? இன்னொரு படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைப்பது தவறு.

பக்கவாட்டில் கோணலாக நின்று எடுத்த படத்தில் கோணம் மாறித் தெரியும். செங்கோண முட்டி நான்கு மணி மாதிரி தோன்றும். தரையில் உட்கார்ந்து எடுத்தால் ஒரு மாதிரி, நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தால் வேறு மாதிரி. சிறிய அறையில் மிக அருகே நின்று எடுத்தால், செல்போனுக்குப் பக்கத்தில் உள்ள கை நீளமாகவும் தூரத்தில் உள்ள கை குட்டையாகவும் விழும். அதோடு, ஒரே படத்தில் ஒரே பக்கம்தான் தெரியும். அந்த அம்மாளின் படம் அழியாமல் இருந்திருந்தால், ஆசிரியர் செங்கோணத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கவும் கூடும். உள்பக்கம் சாய்ந்த முட்டி அதில் பதிந்திருக்காது.

சொல்லால் எட்ட முடியாதவையும் இருக்கின்றன. மூச்சு சீராக ஓடுகிறதா, முகம் இறுகியிருக்கிறதா, எந்தச் சதை வேலை செய்கிறது என்பதை எல்லாம் கோணமும் கோடும் சொல்லாது. முதுகுத் தண்டு வளையும் ஆசனங்களில் இந்த முறை பாதிதான் உதவும். முட்டியில் ஒரே மடிப்பு. அங்கே கோணம் பிடிக்கலாம். முதுகில் பல எலும்புகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைகின்றன. அதில் எங்கே முள் வைப்பது?

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இந்த முறையில் ஒரு பகுதிதான். பையன் பின்பாதத்தைப் பார்க்க மறந்திருந்தால் "பார்க்கவில்லை சார்" என்று சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துச் சொன்னால், ஆசிரியர் புத்தகத்தைத்தான் திருத்துவார். அம்மாவைத் திருத்த மாட்டார். கேட்கிற ஆசிரியரும் அப்படியே. கீழ்க்காலின் சாய்வைப் பற்றி யாரும் சொல்லாதபோது "பிரமாதம்" என்று பாராட்டக் கூடாது. "சாவி எங்கே விழுகிறது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாய்க்கு வந்த பாராட்டைக் கொடுத்துவிட்டு, வலியை மாணவரிடம் விட்டுவிடும் ஆசிரியர் தம் வேலையில் பாதியைத்தான் செய்கிறார்.

யோகா வகுப்புகள் இதை வகுப்பிலேயே பழக்கினால் என்ன? ஐந்து நிமிடம் போதும். ஒருவர் ஆசனத்தில் நிற்கட்டும். இன்னொருவர் அவரைப் பார்த்துச் சொல்லட்டும். மூன்றாமவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, காதால் கேட்பதை மட்டும் வைத்துப் பலகையில் கோட்டுப் படம் போடட்டும். தலைக்கு ஒரு வட்டம், கை கால்களுக்குக் கோடுகள். அவ்வளவுதான். பிறகு மூவரும் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

முதல் நாள் படம் வேடிக்கையாகத்தான் இருக்கும். மடக்கிய காலைப் பற்றியே பேசிப் பேசி, நீட்டிய காலைச் சொல்ல மறந்திருப்பார்கள். போடுகிறவர் அதையும் மடக்கிப் போட்டிருப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் சொல்கிறவர், "நீட்டிய கால் ஆறு மணி" என்று ஆரம்பிப்பார்.